சொல் விளக்கம்: ஆஸ்பெக்ட் ரேஷியோ, கலர் கிரேடிங்

சில படங்களில் கதை பின்னோக்கிப் போகும்போது திரையின் இரண்டு பக்கமும் கறுப்பு ஏறிப் படம் சதுரம் போலச் சுருங்கும், கூடவே நிறமும் பழுப்பாகும். முதலாவது ஆஸ்பெக்ட் ரேஷியோ செய்யும் வேலை, அடுத்தது கலர் கிரேடிங்.

ஆஸ்பெக்ட் என்பதன் லத்தீன் வேருக்குப் பார்வை, தோற்றம் என்று பொருள். ரேஷியோ என்றால் கணக்கு. அதனால் ‘தோற்ற விகிதம்’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் என்பது அதில் தெரிவதில்லை. ‘சட்டக விகிதம்’ என்பதே எனக்குப் பிடித்தது, ஏனென்றால் தியேட்டரில் திரை அப்படியேதான் இருக்கிறது, அதற்குள் சட்டகம்தான் மாறுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2.39:1 அகலப் படத்தின் 2கே பிரதி 2048 × 858 பிக்சல். பிளாஷ்பேக் 1.37:1 என்றால் உயரம் அதே 858, அகலம் சுமார் 1175, மீதி இரண்டு ஓரத்திலும் கறுப்பு. ஏன் 1.37? 1932-இல் ஹாலிவுட் தரமாக வைத்துக்கொண்ட அளவு அது. அகலத்திரை பரவியது 1953-க்கு அப்புறம்தான். ‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ (2014) 1930-களில் நடக்கும் பகுதிக்கு இதையே வைத்தது.

சிக்கல் வீட்டு டிவியில்தான். 16:9 திரையில் அகலப் படத்துக்கு மேலும் கீழும் ஏற்கெனவே கறுப்புப் பட்டை இருக்கும், பிளாஷ்பேக் வந்ததும் பக்கவாட்டிலும் பட்டை சேர்ந்து, நினைவு என்று காட்ட நினைத்தது நடுவில் மிதக்கும் சின்னப் பெட்டியாகிவிடும்.

சரி, கிரேடிங். இதன் வேர் கிராடுஸ், அதாவது படி. பிலிம் காலத்தில் பிரிண்ட் போடும்போது சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைப் படிப்படியாக ஏற்றி இறக்கி ஒரு ஷாட்டை அடுத்த ஷாட்டோடு ஒத்துப்போக வைப்பார்கள். ஆகவே ‘தரப்படுத்தல்’ என்பது வழி தவறிய மொழிபெயர்ப்பு, இங்கே தரம் பார்ப்பவர் யாருமில்லை. ‘நிறச் சீரமைப்பு’ என்றால் பொருந்தும்.

நிறத்தால் வேறு உலகம் காட்டுவதெல்லாம் கிரேடிங் என்று நினைத்துவிட வேண்டாம். ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ (1939) படத்தில் பழுப்பு வீட்டின் கதவு திறந்ததும் வெளியே வண்ண உலகம் தெரியும் ஷாட் முழுக்க வண்ணத்திலேயே எடுத்தது. வீட்டின் உட்புறத்துக்கே பழுப்புப் பெயின்ட் அடித்து, டூப் நடிகைக்கும் பழுப்பு உடை போட்டு, அவர் விலகியதும் நீல உடையில் நாயகி வருவார்.

இன்று கணினியில் மொத்தப் படத்திலும் பழுப்பை ஏற்றுவது சுலபம், ஆனால் வெள்ளையும் மஞ்சளாகிவிட்டால் கண் கொஞ்ச நேரத்தில் அதையே வெள்ளையாக எடுத்துக்கொள்ளும், பார்ப்பவருக்கு நிறம் மாறியதே மறந்துபோகும். அதனால் விவரமான கலரிஸ்ட் தோல் நிறத்தைத் தனியாகப் பிரித்து அதில் சாயத்தைக் குறைத்துவிட்டு, சுவரிலும் வானத்திலும் மட்டும் கூட்டுவார்.