உயிரிக் காப்புப் படி: கிருமிக்கு எண் போடாதீர்கள்

கோழிக்கோட்டிலோ மலப்புறத்திலோ நிபா தலைகாட்டினால் போதும், வாளையாறு சோதனைச் சாவடியில் சுகாதாரத் துறையினர் காய்ச்சல்மானியோடு நிற்கத் தொடங்குவார்கள். கூடவே எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத் தேநீர்க் கடைகளுக்கு வரும் தமிழ் நாளிதழ்களில் அந்த வரியும் வந்துவிடும்: “நிபா, நான்காம் நிலை ஆபத்துக் கொண்ட வைரஸ்.” படிப்பவர் என்ன நினைப்பார்? புற்றுநோய்க்குச் சொல்வதுபோல, நோய் முற்றி நான்காம் நிலைக்குப் போய்விட்டது என்றுதான் நினைப்பார். கடையில் ஒருவர் என்னிடம், “போன தடவை மூணாம் நிலையில் இருந்ததா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. குற்றம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

அந்த ‘நான்காம் நிலை’யின் மூலச்சொல் ‘பயோசேஃப்டி லெவல்’, சுருக்கமாக பி.எஸ்.எல். ‘பயோ’ என்பது உயிர் வாழ்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ‘லெவல்’ லத்தீனில் சிறு தராசைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கொத்தனாரின் ரசமட்டமும் அதன் வாரிசுதான். அமெரிக்க நோய்த் தடுப்பு மையமும் தேசிய சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1984-இல் வெளியிட்ட கையேடு இந்த நான்கு படிகளையும் ஆய்வகங்களுக்குப் பரிந்துரைத்தது. சொல்லின் பிறப்புக் கதை இவ்வளவுதான்.

அந்த நான்கும் ஆய்வகத்தில் எடுக்கும் முன்னெச்சரிக்கைகளுக்கு உரியவை, கிருமிக்கு அல்ல. கிருமியையே பார்த்துப் பிரிக்கும் வேறொரு வரிசை இருக்கிறது. அதற்கு ‘ரிஸ்க் குரூப்’, அதாவது இடர்க் குழு என்று பெயர். அதிலும் ஒன்று முதல் நான்கு வரைதான். இரண்டு வரிசையும் பெரும்பாலும் ஒத்துப்போகும், எப்போதும் அல்ல. எய்ட்ஸ் வைரஸ் மூன்றாம் இடர்க் குழுவில் இருக்கிறது. ஆனால் நோயாளியின் ரத்தத்தைச் சோதிப்பதை இரண்டாம் படி ஆய்வகத்திலேயே செய்கிறார்கள், ஏனென்றால் அது காற்றில் பரவுவதில்லை.

காசநோயை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். கிருமி ஒன்றே, ஆனால் அதை வைத்துச் செய்யும் வேலை மாற மாற எச்சரிக்கையும் மாறுகிறது. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது முதல் வேலை. சளி பிசுபிசுப்பானது, எளிதில் காற்றில் தெறிக்காது. நல்ல காற்றோட்டமுள்ள அறையில் மேசை மீதே இதைச் செய்யலாம். அதே சளியைக் கிருமி வளர்க்கத் தயார் செய்யும்போது கதை மாறுகிறது. மருந்து கலந்து நீர்க்கச் செய்து, குலுக்கி, மையவிலக்கியில் சுழற்றுகிறார்கள். அப்போது எழும் நுண்துளிகள் உலர்ந்து காற்றில் மிதக்கும், மூச்சோடு நுரையீரலின் ஆழம் வரை போகும். பத்துக்கும் குறைவான கிருமிகளே தொற்றுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் இந்த வேலையைக் காற்றை உள்ளிழுத்து வடிகட்டி விடும் பாதுகாப்புக் கேபினட்டுக்குள் செய்ய வேண்டும். சுழன்று நின்ற குப்பிகளின் மூடியையும் அதற்குள்தான் திறக்க வேண்டும்.

மூன்றாவது, வளர்ந்த கிருமியை எடுத்து எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பது. இப்போது கையில் இருப்பது சளியில் சிதறிக் கிடந்த கிருமி அல்ல, பெருகித் திரண்டது. கேபினட் மட்டும் போதாமல் அறையையே காப்பாக்க வேண்டிய இடம் இது. தானாகச் சாத்திக்கொள்ளும் இரண்டு கதவுகள், தாழ்வாரத்திலிருந்து உள்நோக்கியே ஓடும் காற்று இரண்டும் வேண்டும். பல ஆய்வகங்களில் வெளியேறும் காற்றுக்கு ஹெப்பா என்ற நுண்வடிகட்டியும் வைப்பார்கள். காற்று சரியாக ஓடுகிறதா என்று கதவருகே உள்ள அழுத்தமானி காட்டும். அதை நம்பாதவர்கள் கதவிடுக்கில் புகைக் குழலைப் பிடித்துப் பார்ப்பார்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் சரி. வெளியே வந்தால் வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

நிபாவுக்கும் இதே நியாயம்தான். உயிருள்ள வைரஸை வளர்க்க நான்காம் படி வேண்டும்: காற்றூதிய முழு உடை, வெளியே வரும்போது மருந்து நீர்க் குளியல், கழிவுநீர் முழுவதையும் கிருமி நீக்கும் ஏற்பாடு. புனேயில் தேசிய வைராலஜி நிறுவனத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் மாதிரியைக் கேபினட்டுக்குள் திறந்து, வைரஸைச் சிதைக்கும் கரைசலில் கலந்துவிட்டால், பி.சி.ஆர். சோதனைக்கு அந்தக் கோட்டை தேவையில்லை. 2023-இல் கோழிக்கோட்டுக்கு நடமாடும் மூன்றாம் படி ஆய்வகத்தை அனுப்ப முடிந்தது இதனால்தான். “நான்காம் நிலை வைரஸை மூன்றாம் நிலை வண்டியில் சோதிப்பதா?” என்று அப்போது இங்கே சிலர் பதறினார்கள். ‘நிலை’ செய்த வேலை.

சிதைந்துவிட்டது என்று நம்பினால் மட்டும் போதாது, நிரூபிக்கவும் வேண்டும். 2004-இல் பெய்ஜிங்கில் ஓர் ஆய்வகத்திலிருந்து சார்ஸ் வைரஸ் கசிந்தபோது ஒன்பது பேருக்குத் தொற்றியது, ஒருவர் இறந்தார். முழுதாகச் செயலிழக்காத வைரஸைச் செயலிழந்ததாக எண்ணிச் சாதாரண ஆய்வகத்துக்குக் கொண்டுவந்ததே காரணம் என்றார்கள்.

இனி மொழிபெயர்ப்பாளர்களுடன் என் வழக்கு. ‘நிலை’ வேண்டாம், அது நோயின் கட்டத்தை நினைவூட்டுகிறது. ‘தரம்’ அதைவிட மோசம். ஒரு பாடக்குறிப்பில் “நான்காம் தர ஆய்வகம்” என்று பார்த்தேன். நாட்டிலேயே இறுக்கமான காப்புள்ள ஆய்வகம் நாலாந்தரமாம், பள்ளிக்கூட மேசையில் தயிர்க் கிருமியைப் பார்க்கும் அறை முதல்தரமாம்! ‘மட்டம்’ என்று எழுதினால் ‘மட்டமான’ என்பது பின்னாலேயே வந்து நிற்கும். எனக்குப் ‘படி’ சரியாகப் படுகிறது. கீழ்ப்படியின் விதிகள் அத்தனையையும் வைத்துக்கொண்டுதான் மேற்படிக்குப் போகிறோம். வாயால் பிப்பெட்டை உறிஞ்சாதே, கையைக் கழுவு என்ற முதல் படி விதிகள் நான்காவதிலும் உண்டு.

‘உயிர்ப் பாதுகாப்பு’ என்பதையும் விட்டுவிட வேண்டும். அது ஆயுள் காப்பீட்டு விளம்பரம்போல இருக்கிறது. ஓர் ‘இ’ சேர்த்து ‘உயிரி’ என்றால்தான் பேச்சு கிருமியைப் பற்றியது என்று புரியும். ‘உயிரிப் பாதுகாப்பு’ என்பவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. ‘பயோசெக்யூரிட்டி’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. கிருமியை யாரும் திருடாமலும் கெட்ட நோக்கத்துக்கு எடுத்துப்போகாமலும் பார்ப்பது அது. கிருமியிடமிருந்து மனிதரைக் காப்பது ஒன்று, மனிதரிடமிருந்து கிருமியைக் காப்பது மற்றொன்று. இரண்டுக்கும் ‘பாதுகாப்பு’ என்றே எழுதுகிறார்கள். மலையாளத்தில் ‘ஜைவசுரக்ஷ’ என்று எழுதுபவர்களுக்கும் இதே தொல்லைதான். நமக்கு அந்தத் தொல்லை வேண்டியதில்லை. காப்பு, காவல் என்று இரண்டு சொற்கள் கையில் இருக்கின்றன. மாரியம்மன் நோன்பில் காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டமாட்டார். உள்ளிருப்பது உள்ளேயே இருக்க வேண்டும் என்ற பொருள் அதில் இருக்கிறது. காவல், வெளியாள் உள்ளே வராமல் பார்ப்பது. ஆகவே முதலாவது உயிரிக் காப்பு, இரண்டாவது உயிரிக் காவல்.

‘உயிரிக் காப்புப் படி’ நீளம் என்பவர்கள் பி.எஸ்.எல். என்றே எழுதிக்கொள்ளட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் “நிபா பி.எஸ்.எல். நான்கு வைரஸ்” என்று எழுதாமல், “நிபாவை வளர்க்கப் பி.எஸ்.எல். நான்கு ஆய்வகம் வேண்டும்” என்று எழுதுங்கள்.