தம்பியின் மாத்திரையும் ஐஸும் ஒன்றா?

கவனக்குறைபாட்டுக்கு கிளினிக்கில் நாங்கள் எழுதித் தரும் மெதில்பெனிடேட் மாத்திரையும் வெளியில் விற்கும் ஐஸ் போதைப்பொருளும் ஒரே சாமான்தான் என்று லயங்களில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. இரண்டுமே ஊக்கி வகை, இரண்டுமே மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைக் கூட்டுகின்றன. ஆனால் எவ்வளவு, எவ்வளவு வேகமாகக் கூட்டுகின்றன என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நரம்பு வெளியே விடும் டோபமினை அதே நரம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மெதில்பெனிடேட் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது, அவ்வளவுதான். விழுங்கினால் சுமார் 2 மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்து, 4 மணி நேரத்தில் அடங்கிவிடும். இப்படி மெதுவாக ஏறுவதால் சரியான அளவில் போதை வருவதில்லை. ஐஸ், அதாவது மெதம்பெட்டமின், நரம்புக்குள் சேமித்துள்ள டோபமினையும் வெளியே தள்ளிவிடுகிறது. புகைத்தால் சில நொடிகளில் மூளைக்குப் போகும். 10 மணி நேரம் கழிந்தும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். தொடர்ந்து பாவிப்பவருக்குத் தூக்கம் போய், சந்தேகம் வந்து, இல்லாத குரல் கேட்பது இதனால்தான். பக்கெட்டுக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

சரி, அப்படியானால் மாத்திரையால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ஹட்டன் பக்கம் ஒரு குடும்பம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 9 வயது மகனுக்குக் காலையில் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, மத்தியானம் பாதி. 28 நாளைக்கு 42 கொடுத்திருந்தோம். இரண்டு வாரம் போனதும் 21 இருக்க வேண்டும். 9தான் இருந்தது.

எடுத்தது உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் அண்ணன். முதலில் இரவு விழித்திருக்க விழுங்கியிருக்கிறான். அப்புறம் கூட்டாளி சொன்னான் என்று பொடியாக்கி மூக்கில் இழுத்திருக்கிறான். இழுத்தால் மருந்து திடீரென ஏறும். விழுங்கும்போது இருந்த பாதுகாப்பு அங்கே போய்விடுகிறது. அவனுக்குக் கை நடுக்கம், நாடித்துடிப்பு 118, சாப்பாடு இறங்கவில்லை. விடிய விடிய படித்தேன் என்றான். கொப்பியைப் பார்த்தால் ஒரே பாடக்குறிப்பை மூன்று தடவை கலர் பேனையால் எழுதியிருந்தான். கவனக்குறைபாடு இல்லாதவருக்கு இந்த மருந்து விழிப்பும் நம்பிக்கையும் தரும். தூக்கம் கெட்டபின் படித்தது மனதில் நிற்பது கடினம்.

"சின்னவனுக்கும் நிப்பாட்டிரலாமா மிஸ்?" என்று தாய் கேட்டார். வேண்டாம் என்றேன். சொன்னபடி மருந்து எடுத்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், அதனாலேயே பின்னாளில் போதைக்கு அடிமையாகிறார்கள் என்று தெரியவரவில்லை. அதற்குப் பதிலாக, 14 நாள் மருந்து மட்டும் கொடுக்கத் தொடங்கினோம். டப்பாவைப் பூட்டி வைத்து, காலை மாத்திரையைத் தாயே கொடுத்து விழுங்குவதைப் பார்ப்பார். மத்தியானப் பாதி வகுப்பாசிரியரிடம். ஞாயிற்றுக்கிழமை மிச்ச மாத்திரைகளைத் தாய் எண்ணிப் பார்ப்பார். அண்ணனை அதே கிளினிக்கில் தனியாகப் பார்க்கிறோம்.

எண்ணிக்கை குறைந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், ஏச மாட்டோம். எடுத்தவருக்கு நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தாலும், இல்லாத குரல் கேட்டாலும், கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.