பம்ப் வீடியோவில் போல்ட் ஏன் பின்னோக்கிச் சுழல்கிறது?

கோவை பம்ப் கம்பெனிகள் அனிமேஷன்காரர்களான எங்களிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: மோனோபிளாக் பம்ப் அக்கு அக்காகப் பிரிந்து நிற்க வேண்டும், பிறகு ஒவ்வொரு பாகமாக வந்து சேர வேண்டும். ஷோரூமுக்காக எடுக்கிற அந்த வீடியோவைப் பார்த்துத்தான் பல ஊர்களில் மெக்கானிக்குகள் பம்பைக் கழற்றி மாட்டுகிறார்கள். அதனால் அழகைவிட வரிசை முக்கியம்.

வரிசையை நாமாக யோசித்து முடிவு செய்யக் கூடாது. கம்பெனி ஃபிட்டரை ஒரு பம்பைக் கழற்றச் சொல்லி, மொபைலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தலைகீழாக ஓட்டினால் அதுவே உங்கள் ஸ்கிரிப்ட். குறிப்பாக மெக்கானிக்கல் சீலைக் கவனியுங்கள். நான் வேலை செய்த மாடல்களில் வெள்ளை செராமிக் வளையம் முதலில் பின்தட்டுக்குள் உட்காரும். அதன் மேல் கார்பன் முகம் படும்படி ஸ்பிரிங் பாகம் ஷாஃப்டில் ஏறும். அப்புறம்தான் இம்பெல்லர் வந்து ஸ்பிரிங்கை அழுத்தும். ஸ்பிரிங் பாகம் திரும்பி நின்றால் தண்ணீர் கசியும். வீடியோவில் ஒரே நொடியில் கடந்துபோகிற இடம் என்று இதை விட்டுவிட முடியாது.

அனிமேஷனையும் முடிவிலிருந்தே தொடங்குங்கள். பிளெண்டரில் எல்லாப் பாகங்களும் சேர்ந்த நிலைக்குக் கடைசி ஃபிரேமில் கீ போட்டுவிட்டு, பின்னால் போய் ஒவ்வொன்றையும் ஷாஃப்ட் அச்சிலேயே வெளியே இழுங்கள். இறுதி நிலை அப்போது ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது.

இனி கேஸிங்கை இறுக்கும் போல்ட். M8 போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. முன்னேறும். 20 மி.மீ. உள்ளே போக 16 சுற்று. அதை 25 ஃபிரேம் கொண்ட ஒரு நொடியில் அடைத்தால் ஃபிரேமுக்கு 230 டிகிரி. ஆறுபட்டைத் தலை 60 டிகிரிக்கு ஒருமுறை அதே தோற்றம் தருவதால், ஃபிரேமுக்கு 30 டிகிரியைத் தாண்டினாலே கண் குழம்பிவிடும். இறுக்கும் போல்ட் கழல்வதுபோலத் தெரியும்.

ஆகவே முழு நீளத்தையும் சுழற்ற வேண்டாம். போல்ட் நேராக வந்து துளைக்குள் இறங்கட்டும். கடைசி இரண்டு சுற்றை மட்டும், அதாவது 2.5 மி.மீ. நகர்வை மட்டும், 50 ஃபிரேமில் காட்டுங்கள். சராசரி 14.4 டிகிரிதான். மூன்று சுற்று வைத்தால் 21.6 வரும். அதுவும் பாதுகாப்பு என்றுதான் தோன்றும். ஆனால் பிளெண்டர் தானாகத் தரும் வளைவில் நடுப்பகுதியின் வேகம் சராசரியைப்போல் ஒன்றரை மடங்கு. அங்கே 32 டிகிரியைத் தொட்டுவிடும். மூன்று சுற்று வேண்டுமென்றே கம்பெனி கேட்டால், Graph Editor-இல் சுழற்சி, நகர்வு இரண்டையும் Linear ஆக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மரையில் ஏறாமல் வழுக்குவதுபோல் இருக்கும்.

சரிபார்க்க வியூபோர்ட் போதாது, அது சரியான வேகத்தில் ஓடும் என்று நம்ப முடியாது. ரெண்டர் செய்த வீடியோவையே அந்த ஃபிட்டரிடம் காட்டி, ஒவ்வொரு போல்ட்டும் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று சொல்லச் சொல்லுங்கள்.