மாலை என்றால் பொழுதா, பூவா?

மொழிபெயர்ப்பாளனான என்னிடம் இப்படியொரு பிழையோடு ஒருவர் வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் வியாபாரி ஒருவர், சிங்கப்பூருக்கு அனுப்பும் பெட்டிகளில் ஒட்டுவதற்கு அச்சடித்த சீட்டு ஒன்றை என் மேசைமீது வைத்தார். மேலே தமிழில் ‘மாலை’, அதன் கீழே ஆங்கிலத்தில் ‘ஈவினிங்’. ஐந்நூறு சீட்டுகள் அச்சாகிவிட்டன. மாலை நேரத்தில் பிரிக்க வேண்டிய பெட்டியோ என்று அங்கே வாங்குபவர் குழம்பித் தொலைபேசியில் கேட்ட பிறகே இவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரக்குப் பெயர்கள் நாற்பதையும் வரிக்கு ஒன்றாக மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டி, வந்ததை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். மேல்வரியில் ரோஜாவும் கீழ்வரியில் துளசியும் இருக்கும்போது நடுவில் உள்ளது பூமாலை என்பது நமக்குத் தெரியும். ஆனால் பல செயலிகள் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பிரித்தே மொழிபெயர்க்கின்றன. அண்டை வரி அவற்றின் கணக்கில் சேர்வதே இல்லை.

“முதலில் வந்த பொருள்தானே சார் சரியான பொருள்?” என்று அவர் கேட்டார். என்னிடம் வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதையே கேட்கிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். செயலி ஒரு சொல்லின் எல்லாப் பொருள்களையும் அடுக்கி வைத்து, அவற்றுள் சரியானதைத் தேர்ந்து தரும் புலவர் இல்லை. இரு மொழிகளிலும் இணையாகக் கிடைத்த ஏராளமான வாக்கியங்களைப் பார்த்து, இந்தச் சொல்லுக்கு எதிரே எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று அது பழகியிருக்கிறது. செய்தித்தாளில் ‘நேற்று மாலை’, ‘மாலை 5 மணிக்கு’ என்று நாள்தோறும் வருகிறது. ‘சிலைக்கு மாலை அணிவித்தார்’ என்பதும் வருகிறது; ஆனால் அங்கே ‘அணிவித்தார்’ என்ற துணை பக்கத்திலேயே இருப்பதால், அந்தத் துணையோடு சேர்த்துத்தான் பூமாலை என்ற பொருளைச் செயலி கற்கிறது. துணையை எடுத்துவிட்டால், அதிகம் பார்த்த பொருளைத் தவிரப் பிடித்துக்கொள்ள அதற்கு வேறொன்றும் இல்லை.

பேச்சுக்கு, அது பார்த்த நூறு வாக்கியங்களில் எழுபதில் பொழுது, முப்பதில் பூ என்று வைத்துக்கொள்வோம். தனிச்சொல்லைப் பத்து முறை கொடுத்தால் ஏழு முறை பொழுதும் மூன்று முறை பூவும் வரும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் பத்து முறையும் பொழுதுதான் வரும். வாய்ப்பு மிகுந்ததை மட்டும் காட்டும்படியே இத்தகைய செயலிகள் பொதுவாக அமைக்கப்பட்டிருக்கின்றன. மீதி முப்பது கண்ணிலேயே படாது. பூச்சந்தையில் மாலை என்றால் பூதான் என்ற நம் ஊர்க் கணக்கு அதற்குத் தெரிய வழியில்லை. ‘மல்லி’யும் அப்படித்தான்: பூக்கடையில் ஒன்று, மளிகைக் கடையில் வேறொன்று.

“திருப்பிப் போட்டும் பார்த்தேன் சார், மாலைன்னுதான் வந்துச்சு” என்றார் அவர். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்தச் சோதனைதான். ‘ஈவினிங்’ என்பதைத் தமிழாக்கினால் ‘மாலை’ வரும். ‘கார்லண்ட்’ என்பதைத் தமிழாக்கினாலும் அதே ‘மாலை’தான் வரும். எழுத்து ஒன்றாகவே இருப்பதால் பிழையும் சரியும் ஒரே முகத்தோடு திரும்பி வருகின்றன. வேறு இரண்டு செயலிகளில் போட்டுப் பார்த்தாலும் உறுதியாகிவிடாது. அவையும் ஏறக்குறைய இதே வகை எழுத்துகளைப் படித்தவை.

அவர் முன்னாலேயே ‘ரோஜா மாலை’ என்று தட்டச்சு செய்தேன். ‘ரோஸ் கார்லண்ட்’ வந்தது. ‘மாலை 6 மணி’ என்றதும் பொழுது திரும்பியது. ஒரே ஒரு துணைச்சொல் போதுமாக இருந்தது.

ஆகவே, தனிச்சொல்லை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ‘திருமணத்துக்கு இரண்டு மாலை கட்டி அனுப்பினோம்’ என்று முழு வாக்கியமாகக் கொடுத்து, அதில் அந்தச் சொல்லுக்கு எதிரே என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். துணையும் சரியானதாக இருக்க வேண்டும். ‘மாலை வந்தது’ என்பதும் வாக்கியம்தான், ஆனால் அது பொழுதுக்கும் பொருந்தும், பூவுக்கும் பொருந்தும். வந்த ஆங்கிலச் சொல்லை மறுபடி தமிழாக்கிப் பார்ப்பதை விடுத்து, ஆங்கில அகராதியில் அதன் விளக்கத்தைப் படியுங்கள், அல்லது இணையத்தில் அந்தச் சொல்லுக்குப் படம் தேடுங்கள். பூவுக்குப் பதிலாகச் சூரியன் மறையும் படம் வந்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெறும் சொற்பட்டியலை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு அரைமணி நேரத்தில் கேட்காதீர்கள். ‘கட்டு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பூக்கட்டா, காயத்துக்குப் போடும் கட்டா, ‘கட்டு’ என்று ஏவும் சொல்லா என்று நானும் ஊகிக்கத்தான் வேண்டும். சரக்கின் படம் ஒன்றையும், சீட்டு எங்கே ஒட்டப்படும் என்பதையும் தயவுசெய்து சேர்த்து அனுப்புங்கள்.