குறட்டையைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள்

வலிக்கு மார்ஃபின் போட்டபின் மூச்சு அடங்கிப்போன நோயாளி, இந்த வருடத்தில் இது மூன்றாவது கேஸ். மூன்றிலும் நோயாளியின் சார்ட்டில் கடைசியாக எழுதியிருந்தது ஒன்றேதான்: மூச்சு 18, சாச்சுரேஷன் 98, நோயாளி நன்றாகத் தூங்குகிறார்.

நான் மும்பையில் மயக்கவியல் மருத்துவர். ஆபரேஷன் முடிந்தவர்களின் வலியைப் பார்ப்பதும், நர்ஸிங் மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. எங்கள் வார்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த சிஸ்டர்கள் நிறையப் பேர் இருப்பதால், வலி மேலாண்மைக்கான குறிப்பேட்டைத் தமிழிலும் போட்டிருந்தேன். மார்ஃபின் பக்கத்தில் "கவனிக்க வேண்டியவை" என்று ஐந்து வரி. முதல் வரி சாச்சுரேஷன். நோயாளியின் மயக்க நிலை கடைசி வரி. இந்தக் கேஸுக்குப் பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அதில் எழுதியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

தாராவியில் நாற்பது வருடமாக இருக்கும் திருநெல்வேலிக்காரர். வயது 62, எடை 94 கிலோ, குட்டைக் கழுத்து. சிறுநீரகம் கொஞ்சம் மந்தம், கிரியேட்டினின் 2.1. தொடை எலும்பு முறிந்து ராடு வைத்திருந்தார்கள். இரவு 9 மணிக்கு வலி எவ்வளவு என்று கேட்டபோது பத்துக்கு எட்டு என்றார். மார்ஃபின் 3 மி.கி. ரத்த நாளத்தில் போட்டார்கள். 9.10-க்கு "இன்னும் ஏழு இருக்கு" என்றார், இன்னொரு 3. 9.40-க்கு மூன்றாவது 3. பத்தரைக்கு அரிப்பு என்றார், ஃபெனர்கன் 25 மி.கி. போனது. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க், நிமிடத்துக்கு 4 லிட்டர்.

பதினொன்றரைக்கு சிஸ்டர் ரவுண்டு வந்தபோது மனைவி கையெடுத்துக் கும்பிட்டாராம். "ரெண்டு நாளா கண்ணே மூடல. இப்பந்தான் அசந்து ஒறங்குதாவ. எழுப்பாதீயம்மா." குறட்டை அடுத்த கட்டில் வரை கேட்டது. மானிட்டரில் 98. சிஸ்டர் எழுப்பவில்லை.

12.40-க்கு என்னைக் கூப்பிட்டார்கள். கால்மாட்டில் நின்று எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு ஆறு மூச்சு. கண்மணி குண்டூசி முனை அளவு. தோளைப் பிடித்து உலுக்கினால் ஒரு முனகல், அவ்வளவுதான். தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு 84, இருக்க வேண்டியது 40 வாக்கில். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் மானிட்டரில் 96. பக்கத்தில் நின்ற மாணவி மெதுவாகச் சொன்னாள்: "ஆனா சாச்சுரேஷன் நல்லாத்தானே இருக்கு, மேடம்?"

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் பல வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இதை மட்டும் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

சாச்சுரேஷன் கருவி ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறதா என்று சொல்லும். நோயாளி போதுமான அளவு மூச்சு விடுகிறாரா என்று சொல்லாது. இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் கோளாறு. நுரையீரலின் காற்றறையில் இடம் ஒரு அளவுதான் உண்டு. மூச்சு குறையக் குறைய கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போகாமல் அங்கே தேங்கி, ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவருக்கு, கார்பன் டை ஆக்ஸைடு 40 இருக்கும்போது காற்றறையில் ஆக்ஸிஜன் அழுத்தம் சுமார் 100. அதே கார்பன் டை ஆக்ஸைடு 80 ஆகிவிட்டால், ஆக்ஸிஜன் 50-க்கு இறங்கிவிடும். அப்போது மானிட்டர் 85-ஐ ஒட்டிக் காட்டும், அலாரம் அலறும், எல்லோரும் ஓடிவருவார்கள். இப்போது அதே ஆளுக்கு மாஸ்க் வைத்து, உள்ளே போகும் காற்றில் ஆக்ஸிஜனை 21 சதவீதத்திலிருந்து 30 ஆக்குங்கள். கார்பன் டை ஆக்ஸைடு அதே 80-தான், மூச்சு அதே மோசம்தான். ஆனால் காற்றறையில் ஆக்ஸிஜன் 114-க்கு வந்துவிடும். மானிட்டர் 97, 98 என்று காட்டிக்கொண்டிருக்கும். அலாரம் அடிக்காது.

அதாவது, மாஸ்க் வைத்த நோயாளியிடம் சாச்சுரேஷன் இறங்கும்வரை காத்திருந்தால், கடைசி ரயிலுக்குக் காத்திருக்கிறீர்கள். இதைக் கேட்டுவிட்டு மாஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள், அது வேறு வம்பு. மாஸ்க் இருக்கட்டும். 98-ஐ மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் கேப்னோகிராஃப் வார்டில் இருந்தால் மாட்டுங்கள். பெரும்பாலான வார்டுகளில் இல்லை. அதனால் கண்ணும் காதும்தான்.

மார்ஃபின் மூச்சை அடக்குவதற்கு முன்னால், பெரும்பாலும், மனுஷனை மந்தமாக்கும். மூச்சு எண்ணிக்கை குறைவதற்கு முன்பே மயக்கம் கூடிக்கொண்டு வரும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் நேரம். அதை அளக்க பசேரோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. சாதாரணத் தூக்கம், கூப்பிட்டதும் விழிக்கிறார் என்றால் S. முழு விழிப்பு 1. லேசான அசதி, ஆனால் சுலபமாக விழிக்கிறார் என்றால் 2. இதுவரை கவலையில்லை. 3 என்பது விழிக்கிறார், பேச ஆரம்பிக்கிறார், பேச்சுக்கு நடுவிலேயே கண் சொருகிவிடுகிறது. 4 என்பது கூப்பிட்டாலும் தொட்டாலும் அசைவு இல்லை, அல்லது பெயருக்கு ஏதோ ஓர் அசைவு.

இந்த 3-ஐ அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள், போதும். பெயரைக் கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். இரண்டு வாக்கியம் பேசவேண்டிய கேள்வி கேளுங்கள். "மத்தியானம் யார் வந்து பார்த்தாங்க, என்ன சாப்பிட்டீங்க?" "மூத்தவன் வந்தான்... இட்லி..." என்று இழுத்து அப்படியே குறட்டைக்குப் போனால், அதுதான் 3. அடுத்த டோஸ் கிடையாது. வலி எட்டு என்று சொன்னாலும் கிடையாது. இது பலரையும் தடுமாற வைக்கும் இடம்: 3-ல் இருப்பவரை உலுக்கி எழுப்பி "வலி எவ்வளவு?" என்று கேட்டால் "எட்டு" என்றுதான் சொல்வார், சொல்லிவிட்டுத் தூங்குவார். எட்டைப் பார்த்து ஊசியை எடுப்பவர்கள் தூங்கியதைப் பார்ப்பதில்லை. அவர் வலி நிஜம்தான். அதற்கு பாராசிட்டமால் இருக்கிறது, நரம்புத் தடுப்பு ஊசி இருக்கிறது, என்னைக் கூப்பிடுங்கள்.

மூச்சை எண்ணும் விதத்துக்கு வருகிறேன். சார்ட்டில் வரிசையாக 18, 18, 18 என்று பார்த்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். பதினைந்து விநாடி பார்த்து நான்கால் பெருக்காதீர்கள். இடையில் இருபது விநாடி மூச்சே நின்றிருந்தால் அது அந்தக் கணக்கில் தப்பிவிடும். முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். முதலில் தொடாமல், பேசாமல், கால்மாட்டில் நின்று எண்ணுங்கள், ஏனென்றால் தொட்டதும் விழித்து நன்றாக மூச்சு விடுவார், நீங்கள் போனதும் பழையபடி. எண்ணி முடித்தபின் கூப்பிட்டு மயக்கத்தைப் பாருங்கள். பத்துக்குக் கீழே என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். எட்டுக்குக் கீழே என்றால் கட்டிலை விட்டு நகராதீர்கள், ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள்.

குறட்டை என்றால், தளர்ந்த நாக்கும் தொண்டையும் காற்று போகும் வழியைப் பாதி அடைக்கும் சத்தம். நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் உள்ளங்கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் காற்று வராத நேரம் உண்டு. வீட்டில் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கென எழுபவர் என்றால் ஆபத்து இரட்டிப்பு. அன்று நான் அந்தம்மாவிடம் கேட்டபோது "வீட்ல மூச்சு நின்னு நின்னு வரும், நான்தான் தட்டி எழுப்புவேன்" என்றார். இதை ஆபரேஷனுக்கு முன்னால் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

டோஸ் விஷயத்தில் நடந்த தவறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்த நாளத்தில் போட்ட மார்ஃபினின் முழு வேகம் தெரிய சுமார் 20 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் போட்ட இரண்டாவது ஊசி, முதலாவது உச்சிக்குப் போவதற்குள் போனது. ரெகவரி அறையில் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு அடுத்தடுத்துக் கொடுப்போம், அது வேறு. ஒரு சிஸ்டர் பதினைந்து பேரைப் பார்க்கும் வார்டு வேறு. மந்தமான சிறுநீரகத்தில் மார்ஃபினின் கழிவுப்பொருள் ஒன்று தேங்கும், அதுவும் மார்ஃபினைப் போலவே மயக்கும். ஃபெனர்கன் அரிப்புக்கு மட்டும் வேலை செய்யாது, தானும் ஒரு தூக்க மருந்து. மிடசோலாம், பிரீகாபலின் எல்லாம் அதே கூட்டம்தான்.

நலாக்சோனுக்கு வருவோம். மார்ஃபினுக்கு இரட்டைப் பூட்டு, பதிவேடு, இரண்டு கையெழுத்து. அதை முறிக்கும் மருந்தான நலாக்சோன் அன்று வேறு மாடியின் டிராலியில் இருந்தது. அது வரும்வரை தாடையைத் தூக்கி, கையால் அமுக்கும் ஆம்பு பையால் மூச்சு கொடுத்தோம். அதுதான் முதல் மருந்து. நலாக்சோன் ஒரு ஆம்பியூலில் 400 மைக்ரோகிராம், 1 மில்லி. அதோடு 9 மில்லி சலைன் சேர்த்தால் மில்லிக்கு 40. இரண்டு நிமிடத்துக்கு ஒரு மில்லி வீதம் கொடுத்து மூச்சைப் பாருங்கள். மூச்சு சுத்தமாக நின்றுவிட்டவர் விஷயம் வேறு, அங்கே பெரிய டோஸ்தான். மூச்சு இன்னும் இருப்பவருக்கு முழு ஆம்பியூலையும் ஒரே தள்ளாகத் தள்ளினால், அடக்கிவைத்த வலி எல்லாம் ஒன்றாகத் திரும்பும், ரத்த அழுத்தம் ஏறும், சில நேரம் நுரையீரலில் நீர் கோக்கும். நமக்கு வேண்டியது மூச்சு பத்தைத் தாண்ட வேண்டும், கூப்பிட்டால் விழிக்க வேண்டும், அவ்வளவே. இவருக்கு மூன்று மில்லியில் மூச்சு 12-க்கு வந்தது. கண்ணைத் திறந்து "என்னடே இவ்ளோ கூட்டம்" என்றார்.

எல்லோரும் நிம்மதியாகக் கலையப் பார்த்தார்கள். நான் விடவில்லை. நலாக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும், மார்ஃபின் அதைவிட நீண்ட நேரம், இவர் சிறுநீரகத்தில் இன்னும் நீண்ட நேரம். 1.50-க்கு மூச்சு மறுபடி ஏழு. இந்த முறை மருந்து கையிலேயே இருந்தது. முதல் முறை வேலை செய்த 120 மைக்ரோகிராமில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது மணிக்கு 80 மைக்ரோகிராம், டிரிப்பில் ஏற்றி தீவிரப் பிரிவுக்கு மாற்றினோம். காலை ஒன்பது மணிக்குத்தான் நிறுத்த முடிந்தது.

மூன்றாம் நாள் வார்டுக்குத் திரும்பியவரைப் பார்க்கப் போனேன். தொடையில் நரம்புத் தடுப்பு, கூடவே பாராசிட்டமால், வலி மூன்று. மத்தியானத் தூக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தம்மா கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையில் செல்போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்ததும் "சும்மா இருங்கம்மா, கணக்கு தப்பிரும்" என்று கையைக் காட்டினார். பதினான்கு வந்தது.