அடிபம்பைப் பிரிக்கும் முன் வாளியை வைத்துப் பாருங்கள்

ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றின் மேல் நிற்கும் அடிபம்புகளில் பெரும்பாலானவை இந்தியா மார்க் 2 வகை. கைப்பிடி மேலே இருந்தாலும் பம்பு என்று சொல்லத்தக்க பாகம் தரைக்கடியில், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. அங்கே பித்தளை உள்பூச்சுக் குழாய் கொண்ட ஒரு சிலிண்டர். அதன் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர், அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 125 மில்லிமீட்டர்.

கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது செயினும் ராடும் பிஸ்டனை மேலே இழுக்கின்றன. பிஸ்டனில் உள்ள வால்வு மூடிக்கொள்வதால் அதன் மேல் நிற்கும் தண்ணீர் முழுவதும் உயர்கிறது. அதே நேரம் சிலிண்டரின் அடியில் உள்ள புட்வால்வு திறந்து புதுத் தண்ணீர் உள்ளே வருகிறது. கைப்பிடியை மேலே விட்டால் ராடின் எடையே பிஸ்டனை இறக்குகிறது. இப்போது புட்வால்வு மூடும், பிஸ்டன் வால்வு திறக்கும், கீழே இருந்த தண்ணீர் பிஸ்டனைக் கடந்து மேலே போய்விடும். கைப்பிடியை ஒரு முறை அடிக்கும் ஒரு அடிக்குக் கணக்குப்படி சுமார் 0.4 லிட்டர், 40 அடிக்கு 16 லிட்டர் வரவேண்டும்.

சிலிண்டர் 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால் பிஸ்டன் மேல் நிற்கும் தண்ணீரின் பாரம் சுமார் 95 கிலோ. ராடின் எடை இன்னும் 26 கிலோ. கைப்பிடியின் நெம்புகோல் அமைப்பு இதை எட்டில் ஒரு பங்காக்குவதால், நம் கைக்குத் தெரிவது 15 கிலோதான். ஆனால் வாஷருக்கு அந்தச் சலுகை கிடையாது.

பிஸ்டனைச் சுற்றி விளிம்பு மேல்நோக்கிய இரண்டு கிண்ண வாஷர்கள் இருக்கும். முன்பு தோல், இப்போது நைட்ரைல் ரப்பர். மேலிருக்கும் தண்ணீர் விளிம்பைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துவதால்தான் ஒழுகாமல் தூக்க முடிகிறது. ஆழம் கூடக் கூட அந்த அழுத்தமும் உரசலும் கூடும். கிணறு மணலை விட்டால் நிலைமை மோசம். மணல் பித்தளையைவிடக் கடினமானது. அது மென்மையான விளிம்பில் புதைந்துகொண்டு, உப்புத்தாள் போலச் சுவரைக் கீறும். கீறிய சுவர் அடுத்த வாஷரைத் தின்னும். புது வாஷர் போட்டுச் சில மாதத்திலேயே பழையபடி ஆனால், வாஷரைத் திட்டாமல் உள்பூச்சுக் குழாயை நகத்தால் வருடிப் பாருங்கள். கோடு தட்டுப்பட்டால் குழாயையும் மாற்றவேண்டும்.

தேய்மானத்தைப் பலரும் தாமதமாகவே கவனிப்பதற்குக் காரணம், ஒழுகல் அடிக்கு இவ்வளவு என்று நடப்பதில்லை, நேரத்துக்கு இவ்வளவு என்று நடக்கிறது. வேகமாக அடித்தால் ஒழுக நேரம் இல்லை, குறை மறைந்துவிடுகிறது. அதனால் ஆட்கள் வேகமாக அடிக்கிறார்கள், வாஷர் இன்னும் தேய்கிறது.

ஆகவே இரண்டு வேகத்தில் அளக்கவேண்டும். தண்ணீர் சீராக வந்த பிறகு, முழு வீச்சில் ஒரு நிமிடத்தில் 40 அடி அடித்து வாளியில் பிடியுங்கள். 10 லிட்டர் கிடைத்தது என்று வையுங்கள். 6 லிட்டர் நஷ்டம். அதே 40 அடியை இரண்டு நிமிடம் எடுத்து அடித்தால் நஷ்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகி 12 லிட்டர் போய், 4 லிட்டர் மட்டுமே வரும். இப்படி இருந்தால் ஒழுகல் உறுதி. மெதுவாக அடிக்கும்போதும் அளவு அதிகம் குறையாவிட்டால், வீச்சு முழுதாக இல்லையா, கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் முதலில் நன்றாக வந்து, பிறகு காற்றோடு விட்டு விட்டு வரும்.

ஒழுகுவது எங்கே என்பதற்கு இன்னொரு சோதனை. பம்பை அரை மணி நேரம் சும்மா விட்டு, பிறகு அடியுங்கள். ஐந்து அடிக்குள் தண்ணீர் வந்தால் பைப்பும் புட்வால்வும் சரி, தேய்ந்தது பிஸ்டன் வாஷர் என்று கொள்ளலாம். அதற்கு மேல் அடிக்கவேண்டியிருந்தால் புட்வால்வோ பைப் இணைப்போ விடுகிறது. கிண்ண வாஷர் நல்ல நிலையிலும் சிறிது கசியும் என்பதால், ஓய்வு நேரத்தில் தண்ணீரைத் தாங்கவேண்டியது புட்வால்வே. மேலிருந்து தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது இந்தப் பம்புக்குத் தேவையே இல்லை. குளத்துத் தண்ணீரை ஊற்றினால் குடிநீரில் அழுக்குச் சேர்ந்ததுதான் மிச்சம்.

மார்க் 2-இல் வாஷர் மாற்ற 3 மீட்டர் பைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுக்கவேண்டும். 30 மீட்டருக்குப் பத்து பைப். இவ்வளவு வேலைக்குப் பிறகு ஒரு வாஷரை மட்டும் மாற்றிவிட்டு இறக்குவது அநியாயம். இரண்டு கிண்ண வாஷர்களையும் இரு வால்வுகளின் ரப்பர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். இறக்கும் முன் சிலிண்டரின் அடியை ஒரு வாளித் தண்ணீரில் வைத்து ராடைக் கையால் இழுத்துப் பாருங்கள். தண்ணீர் மேலே வரவேண்டும். பிறகு சிலிண்டரை நிரம்பியபடியே தூக்குங்கள், அடியில் சொட்டக்கூடாது. பிஸ்டன் தானாக இறங்காத அளவுக்கு வாஷர் இறுக்கமாக இருந்தாலும் ஆகாது. ஆழம் குறைந்த கிணறுகளில் ராடின் எடை போதாமல், கைப்பிடி மேலே போகும்போது செயின் மடங்கித் தடதடக்கும்.