சொல் விளக்கம்: அடாப்டிவ் பிட்ரேட் ஸ்ட்ரீமிங்

வீடியோ செயலியில் தரத்தை மாற்றும் இடத்தில் ‘ஆட்டோ’ என்று இருக்குமே, அதன் பின்னால் நடக்கும் வேலைக்குத்தான் அடாப்டிவ் பிட்ரேட் ஸ்ட்ரீமிங் என்று பெயர். பெங்களூருவில் ஓடும் ரயிலில் தமிழ்ப் படமோ பேட்டியோ பார்ப்பவர்கள் அதன் விளைவைத் தினமும் பார்க்கிறார்கள். படம் திடீரென்று கட்டம் கட்டமாக உடைகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தெளிகிறது. ‘சிக்னல் முழுசா இருக்கு, அப்புறம் ஏன் மங்குது?’ என்று அவர்கள் கேட்பது சரியான கேள்வி. அதற்கான பதில் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். அடாப்ட் என்பதன் வேர் லத்தீன் மொழியில் ‘பொருத்தமான’ என்று பொருள்படும் ஆப்டஸ். பிட் என்பது 0 அல்லது 1 என்ற இரும இலக்கம், ஆங்கிலத்தில் பைனரி டிஜிட் என்பதைச் சுருக்கிய சொல். கணிதவியலாளர் ஜான் டூக்கி உருவாக்கியது, 1948இல் தகவல் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட கிளாட் ஷானனின் புகழ்பெற்ற கட்டுரை வழியாகப் பரவியது. பிட்ரேட் என்றால் ஒரு நொடிப் படத்துக்கு எத்தனை பிட் செலவாகிறது என்பது. ஸ்ட்ரீம் என்பது ஓடுகிற நீர்.

அந்தக் கடைசிச் சொல் கொஞ்சம் ஏமாற்றும். வீடியோ நீர்போல இடைவிடாமல் ஓடி வருவதில்லை. ஒரே படத்தை முன்கூட்டியே பல தரங்களில் தயாரித்து, ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக வெட்டி சர்வரில் வைத்திருப்பார்கள். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டு 6 நொடி இருக்கலாம் என்பது அந்நிறுவனத்தின் இன்றைய பரிந்துரை. என்னென்ன தரங்கள் இருக்கின்றன என்பதை ஒரு சிறு பட்டியல் கோப்பு சொல்லும்:

```
#EXTM3U
#EXT-X-STREAM-INF:BANDWIDTH=700000,RESOLUTION=640x360
360p.m3u8
#EXT-X-STREAM-INF:BANDWIDTH=2500000,RESOLUTION=1280x720
720p.m3u8
```

இதில் 360p நொடிக்கு 7 லட்சம் பிட், 720p நொடிக்கு 25 லட்சம் பிட். அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று முடிவு செய்வது பெரும்பாலும் சர்வர் இல்லை, உங்கள் போனில் இருக்கும் பிளேயர்தான். கடைசியாக இறக்கிய துண்டுகளில் எத்தனை பிட் வந்தது, அதற்கு எத்தனை நொடி ஆனது என்று வகுத்து, இப்போதைய வேகத்தை அது மதிப்பிடுகிறது. திரையின் மேலே தெரியும் சிக்னல் கோடுகளை அது பார்ப்பதே இல்லை. கோடுகள் டவரின் அலை எவ்வளவு பலமாக எட்டுகிறது என்பதை மட்டும் காட்டும். அதே டவரை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பது அவற்றில் தெரியாது. பெங்களூருவின் மெஜஸ்டிக் நிலையத்தில் மாலை நேர நெரிசலின்போது கோடுகள் நிறைந்திருந்தும் வேகம் படுத்துவிடுவது இதனால்தான்.

இனி ஒரு பயணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊதா வழித்தட மெட்ரோவில் அல்சூரில் ஏறி மெஜஸ்டிக் பக்கம் போகிறீர்கள். எம்.ஜி. ரோடு வரை பாதை மேம்பாலத்தில், கப்பன் பார்க்கிலிருந்து சுரங்கத்தில். மேலே இருக்கும்போது படம் 720pயில் ஓடுகிறது, பிளேயர் 30 நொடிப் படத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கிறது. இந்தச் சேமிப்புக்குத்தான் பஃபர் என்று பெயர்.

சுரங்கத்தில் இறங்கியதும் வேகம் நொடிக்கு 10 லட்சம் பிட்டாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் கேட்டிருந்த 6 நொடி 720p துண்டில் 150 லட்சம் பிட் இருக்கிறது. அது வந்து சேர 15 நொடி ஆகிறது. அந்த நேரத்தில் சேமிப்பில் 15 நொடி தீர்ந்து, புதிதாக 6 நொடி மட்டும் சேர்கிறது. 30 இப்போது 21. பிளேயர் விழித்துக்கொண்டு 360pக்கு இறங்குகிறது. அந்தத் துண்டு 42 லட்சம் பிட்தான், 4.2 நொடியில் வந்துவிடும். இனி ஒவ்வொரு துண்டுக்கும் 1.8 நொடி லாபம், சேமிப்பு மறுபடி ஏறுகிறது.

ஆனால் உங்கள் திரையில் இன்னும் தெளிவான படம்தான் ஓடுகிறது. சுரங்கத்தில் நுழையும்போது கையில் இருந்த 30 நொடியும், தாமதமாக வந்த அந்த 6 நொடியும் 720pதானே. எனவே மங்கல் தெரிவது நுழைந்து 36 நொடி கழித்து. அதற்குள் 360p துண்டுகள் ஐந்து வந்து, சேமிப்பு மீண்டும் 30 நொடி ஆகிவிட்டது. இந்த 30 நொடியும் மங்கல் படம்.

இப்போது ஏதோ ஒரு நிலையத்தில் வேகம் மீள்கிறது. கோடுகள் நிறைந்துவிட்டன, ஆனால் சேமிப்பில் இருக்கும் மங்கல் படம் ஓடி முடிய வேண்டும். ஆக, நீங்கள் பார்க்கும் மங்கல் அரை நிமிடத்துக்கு முந்தைய நெட்வொர்க்கின் மங்கல். ‘சிக்னல் இருந்தும் ஏன்’ என்ற கேள்விக்குப் பெரும்பகுதி பதில் இதுதான். சேமித்த மங்கல் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு உயர்ந்த தரத்தில் மறுபடி இறக்கும் பிளேயர்களும் உண்டு. படம் சீக்கிரம் தெளியும், டேட்டா இரண்டு முறை செலவாகும்.

தெளிவு தாமதமாகத் திரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிளேயர்கள் சீக்கிரம் இறங்கும், தயங்கித் தயங்கித்தான் ஏறும். இணையதளங்களில் பரவலாகப் பயன்படும் `hls.js` நூலகத்தின் இயல்பு அமைப்பில், மேல் தரத்துக்கு ஏற அந்தத் தரத்தின் பிட்ரேட் மதிப்பிட்ட வேகத்தில் 70 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 25 லட்சம் பிட் கேட்கும் 720pக்கு ஏற, வேகம் ஏறக்குறைய 36 லட்சத்தைத் தொட வேண்டும். இந்தத் தயக்கம் நல்லதுதான் என்பது என் எண்ணம். இல்லாவிட்டால் படம் நிமிடத்துக்குப் பத்து முறை தெளிந்து மங்கிக் கண்ணை உறுத்தும்.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது? அடாப்டேஷனுக்கு உயிரியல் பாடநூல்களில் ‘தகவமைப்பு’ என்ற சொல் வேரூன்றிவிட்டது. தக்கபடி அமைதல் என்ற பொருள் லத்தீன் வேருக்கும் நெருக்கம். ரேட்டுக்கு வீதம். பிட்டை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது, மாற்றினால் யாருக்கும் புரியாது. ஸ்ட்ரீமுக்குத் தாரை, ஓடை இரண்டையும் எழுதுகிறார்கள். தாரை அறுபடாமல் விழுவது என்பதால், துண்டு துண்டாக வரும் இதற்கு அது பொருந்தாது. நான் ஓடையை எடுத்துக்கொள்கிறேன்: தகவமை பிட்வீத ஓடை. பேச்சில் ‘தகவமை ஓடை’ போதும். ‘தானியங்கித் தரம்’ என்று எழுதுவதை மட்டும் தவிர்க்கலாம். தானாக மாறுகிறது என்று சொல்கிறதே தவிர, எதற்குத் தக்கபடி மாறுகிறது என்பதை அது சொல்வதில்லை.

மங்கலைப் பொறுக்காமல் ஆட்டோவை விட்டு 720p என்று பூட்டி வைப்பவர்கள் உண்டு. மேலே போட்ட கணக்கிலேயே அதைப் பாருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் சேமிப்பில் 9 நொடி நஷ்டம்: 30, 21, 12, 3. நுழைந்து 48ஆவது நொடியில் படம் நின்று வட்டம் சுற்றும், அடுத்த துண்டு வர 12 நொடி காத்திருக்க வேண்டும். மங்கல் என்றால் தகவமைப்பு வேலை செய்கிறது, வட்டம் என்றால் சேமிப்பு தீர்ந்துவிட்டது. யூடியூபில் `Stats for nerds` என்பதைத் திறந்தால் `Buffer Health` என்ற வரியில் இந்த நொடிக்கணக்கு ஓடுவதைப் பார்க்கலாம்.

நேரலை கிரிக்கெட்டில் மட்டும் இந்த 36 நொடி அவகாசம் கிடையாது. இன்னும் வீசாத பந்தைச் சேமித்து வைக்க முடியாதே. சேமிப்பு சில நொடிகள்தான், அதனால் சுரங்கத்தில் இறங்கியதுமே ஆட்டம் மங்கிவிடும்.